பழைய டின்னில் ஆட்டுப்பால்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் சடையப்பனின் மருந்துக் கடையைச் சடையப்பன் கடை என்று யாரும் சொல்வதில்லை. சரோஜா கடை என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருஷமாக அங்கே மருந்தாளுநராக இருப்பவள் அவள். காலையில் முருகன் படத்துக்கு ஒரு முழம் பூ வைத்துவிட்டுத்தான் முதல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவனை வாசலோடு திருப்பி அனுப்புவாள். அவள் கையால் வாங்கினால் தப்பு வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது என்பதுதான் வினை.

அன்று பதினொரு மணிக்கு ஹரிஹரன் கடைக்கு வந்தான். கல்பாக்கத்தில் டெக்னீசியன் வேலை. நான்கு மாதக் கைக்குழந்தை மேக்னாவின் அப்பா. சட்டையில் பால் வாடை, கண்ணில் தூக்கமில்லை. ஒரு சீட்டை நீட்டினான்.

"அக்கா, இது ஒடனே மெட்ராஸ்லருந்து வரவழைக்கணும். பாப்பாவ செங்கல்பட்டுல சேத்துக்கீறோம்."

சரோஜா சீட்டைப் படித்தாள். பால் புரதத்தை ஒரேயடியாகப் பிரித்து, அமினோ அமிலமாகவே தரும் பால்பவுடர். இந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் இருக்காது.

என்ன ஆயிற்று என்று கேட்டாள். முந்தின நாள் சாயங்காலம் பால் குடித்த அரை மணியில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, வாந்தியாகக் கொட்டியதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகு அடங்கியதாம். எந்தப் பால் கொடுத்தீர்கள் என்று குழந்தையைப் பார்க்கும் டாக்டர் விஷாகா கேட்டிருக்கிறார். ஹரிஹரன் வீட்டிலிருந்து டின்னைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். முன்பு அவரே எழுதிக் கொடுத்த, பால் புரதத்தை உடைத்துத் தரும் பவுடரின் டின். உடைத்த புரதம்கூட ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, இனிமேல் இதுதான் என்று புதிய சீட்டு எழுதிவிட்டார்.

சரோஜா சீட்டை மறுபடி படித்தாள்.

அந்த டின்னுக்குள் இருந்தது டாக்டர் எழுதிய பவுடர் இல்லை. அது ஆட்டுப்பால் பவுடர். கொடுத்தவள் அவள்.

மூன்று நாள் முன்பு ஹரிஹரனின் மனைவி காயத்ரி அடியில் கொஞ்சம் மட்டுமே மிச்சமிருந்த டின்னோடு வந்து நின்றாள். பிரசவத்துக்குப் பின் ஆபரேஷன், காய்ச்சல் என்று ஒரு மாதம் கிடந்ததில் அவளுக்குத் தாய்ப்பால் நின்றுபோயிருந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண பவுடர் கொடுத்ததும் குழந்தைக்குத் தடிப்பும் வாந்தியும் வந்தன. பசும்பால் புரதம் ஒவ்வாமை என்று கண்டுபிடித்து, டாக்டர் புரதத்தை உடைத்த பவுடரை எழுதினார். மூன்று வாரமாக அதில்தான் குழந்தை தேறியது. அந்தப் பவுடர் அன்றைக்கு ஸ்டாக் இல்லை. வர நான்கு நாள் ஆகும்.

"அதுவும் அந்த நாத்தம் இருக்கே அக்கா, மொகத்த திருப்பிக்கிறா. வேற இன்னா குடுக்கறது?" என்றாள் காயத்ரி.

அலமாரியில் ஓர் ஆட்டுப்பால் பவுடர் பெட்டி இருந்தது. திருப்போரூரில் ஒரு வீட்டுக்காக வரவழைத்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு எந்த ஒவ்வாமையும் கிடையாது, தாய்ப்பால் போதவில்லை என்று அவர்களாகவே டாக்டரிடம் கேட்டு வாங்கினார்கள், நன்றாகத்தான் வளர்ந்தது. அவர்கள் ஊர் மாறிப்போனதில் ஒரு பெட்டி தங்கிவிட்டது. தேதி முடிய மூன்று மாதம்தான் இருந்தது. இது கிடந்து வீணாகுது என்று சடையப்பன் இரண்டு முறை முணுமுணுத்திருந்தார்.

இன்னொரு நினைவும் அவள் நாவைத் தூண்டியது. ஹெலன் என்ற பெண்ணின் பையன் தாவீதுக்குப் பிறந்த பத்தாம் நாளே, பாலில் உள்ள சர்க்கரையை உடம்பால் ஏற்க முடியாத பிறவி நோய் என்று தெரிந்தது. அந்த நோயில் தாய்ப்பால்கூடக் கூடாது. டாக்டர் சோயா பவுடர் எழுதினார். கடை கடையாகப் போன் போட்டு வரவழைத்துக் கொடுத்தவள் சரோஜா. இப்போது தாவீது பள்ளிக்கூடம் போகிறான். ஒரு பால் ஆகவில்லை என்றால் இன்னொரு பால் என்பது அவளுக்குள் கைவந்த பாடம்போல உட்கார்ந்துவிட்டது. அது வேறு நோய், இது வேறு நோய் என்பதை நின்று யோசிக்கவில்லை.

"மாட்டுப்பால்தானே ஆவாது? இது ஆடு. லேசா செரிக்கும். டாக்டர் எழுதின மாதிரிதாம்மா இதுவும்" என்று பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. கடற்காற்றில் பவுடர் கட்டி தட்டிவிடும், பையைப் பிரித்துப் பழைய டின்னிலேயே கொட்டி இறுக்கி மூடி வை என்றும் சொன்னாள். இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாரும் செய்வதுதான்.

டின்னில் மிச்சமிருந்தது தீர்ந்த பிறகு, காயத்ரி நேற்றுத்தான் புதுசைப் பிரித்துக் கொட்டியிருக்க வேண்டும். இதுவும் அதே மாதிரிதான் என்று சரோஜா சொல்லியிருந்ததால், பவுடர் மாறியதை ஆஸ்பத்திரியில் சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்காது.

"பவுடர் கொட்டினது, பாட்டில் கழுவினது எல்லாம் அவதான். சரியா கழுவலன்னு எங்க வூட்ல ஆளாளுக்கு அவள பேசிட்டாங்க. நானும் ஒரு வார்த்த சொல்லிட்டேன்" என்றான் ஹரிஹரன். "வந்ததும் போன் பண்ணுங்கக்கா."

அவன் போன பிறகு சரோஜா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வாய் திறக்காமல் இருந்துவிட ஒரு வழி இருந்தது. அதுதான் கொடுமை. அமினோ அமிலப் பவுடர் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. வரவழைத்துக் கொடுத்துவிட்டால் மேக்னா பிழைத்துக்கொள்வாள். யாருக்கும் எதுவும் தெரியாது. டாக்டருக்குப் போன் செய்து, தாயார்தான் எதையோ மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னாலும் பாதி உண்மைதான்.

ஆனால் ஒத்துக்கொண்ட பவுடர் ஆகாது என்று ஏட்டில் ஏறிவிடும். எந்தப் பால் நஞ்சாயிற்றோ அதன் பேர் எங்கும் இருக்காது. ஒரு வயதில் யாராவது பாசமாக ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுத்தால்? பாட்டிலைக் கழுவத் தெரியாதவள் என்ற பேச்சோடு காயத்ரி எத்தனை வருஷம் இருப்பாள்? நாளை காலையில் முருகனுக்குப் பூ வைக்கும்போது எந்த முகத்தோடு வைப்பது?

நடந்ததைச் சடையப்பனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். கடை பேர் கெடுமே என்றார் அவர்.

"கெடட்டும் அண்ணே. பால்பவுடர் நாமளா யாருக்கும் எடுத்து நீட்டக்கூடாதுன்னு சட்டமே கீது. நான் நீட்டிட்டேன்."

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலைக்கோவில் தெரிந்தபோது கை தானாகக் கூப்பியது. வேண்டிக்கொள்ளத்தான் எதுவும் வரவில்லை. குழந்தை நல்லபடியாக ஆகவேண்டும் என்ற வேண்டுதல் வாய்வரை வந்தது. அந்தக் குழந்தையைப் படுக்க வைத்தவளே கேட்பதா என்று திரும்பிப் போனது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மாடியில் டாக்டர் விஷாகா வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சரோஜா தன் பேரைச் சொல்லி, கடையைச் சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி மூன்று மாதத்தில் காலாவதி ஆகும் என்பதையும் விடவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நல்ல வேளை சொன்னீங்க" என்றார். "மாட்டுப்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் கிட்டத்தட்ட ஒண்ணு. மாட்டுப்பால் ஒத்துக்காத குழந்தைங்கள்ல பத்துக்கு ஒம்போது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு, முறைப்படி தயாரிச்ச ஆட்டுப்பால் பவுடர் தப்பில்ல. இந்தக் குழந்தைக்கு அது கூடவே கூடாது."

சோயா கொடுத்திருக்கலாமா என்று சரோஜா மெல்லக் கேட்டாள். தாவீதின் கதையைச் சொன்னாள். அவனுக்கு அதுதான் மருந்து, அவனுக்குக் குறை பாலின் சர்க்கரையில் என்றார் டாக்டர். மேக்னாவுக்குக் குறை புரதத்தில். சோயாவும் ஒரு புரதம்தான், மாட்டுப்பால் ஒவ்வாத குழந்தைகளில் சிலருக்கு அதுவும் ஒவ்வாது. ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த ஒவ்வாமைக்கு அதைக் கொடுக்க யோசிப்பார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது வேண்டாம். எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

"இன்னொண்ணு. ஒவ்வொரு டின்னுக்கும் அதோட கரண்டி வேற. பழைய டின்ல புதுப் பவுடர் கொட்டினா அளவும் தப்பும், பேரும் தப்பும். பாத்தீங்கல்ல, நானே டின்ன நம்பிட்டேன். கூடக் கொஞ்சம் கேட்டிருக்கணும்."

தன் பங்கையும் அவர் எடுத்துக்கொண்டது சரோஜாவுக்குச் சுமையைக் குறைக்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்காக அவரைக் கும்பிடத் தோன்றியது.

டாக்டர் புதிய சீட்டை அடித்துவிட்டுப் பழைய பவுடரையே எழுதினார். இங்கேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் அது இருந்தது. சரோஜா ஓடிப்போய் வாங்கி வந்தாள். நடந்ததைச் சொல்லி, அந்தப் பழைய டின்னில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடும்படி டாக்டர் கீழே நின்ற ஹரிஹரனுக்குப் போன் செய்தார்.

இனி காயத்ரியிடம் சொல்வது பாக்கி இருந்தது.

கட்டிலில் குழந்தையைத் தொடையில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேக்னாவின் உதடு வடிந்திருந்தது; கன்னத்தில் தடிப்புகள் மங்கலாகத் தெரிந்தன. சரோஜாவைக் கண்டதும், "அக்கா, வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க வெச்சேன் அக்கா, சத்தியமா" என்றாள். யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"நீ சரியாத்தான் கழுவனம்மா. பாட்டில்ல ஒண்ணுமில்ல. நான் குடுத்த பவுடர்தான் தப்பு. ஆட்டுப்பாலும் இவளுக்கு ஆவாது. எனக்குத் தெரியாது, தெரிஞ்சவ மாதிரி குடுத்துட்டேன். வித்தா தேவலன்னும் ஒரு நெனப்பு இருந்திச்சி."

காயத்ரி அவளையே பார்த்தாள். முதலில் முகத்தில் ஏதோ தளர்ந்தது. பிறகு கண் சிவந்தது.

"நேத்துலருந்து நான் எம்மவள கொல்லப் பாத்தேன்னு நெனச்சிகினு இருக்கேன்."

மன்னிச்சிடு என்று கேட்டால், மன்னிப்பைத் தரவேண்டிய கடமை காயத்ரிக்கு வந்துவிடும் என்று சரோஜா அந்த வார்த்தையை விழுங்கினாள்.

ஹரிஹரன் மேலே வந்தான். டாக்டர் அவனுக்குச் சொல்லியிருந்தார். சரோஜாவைத் தாண்டிப் போய், காயத்ரியின் தலையில் கை வைத்தான். "ஒன்ன சொன்னது தப்பு" என்றான். சரோஜா பக்கம் திரும்பவே இல்லை. அது நியாயம் என்று அவளுக்கும் பட்டது. மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

நர்ஸ் வந்து முதல் அளவு பாலைக் கலக்கலாம் என்றார். புதிய டின், அதற்குள் இருந்த கரண்டி. மிகக் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தார்கள். அந்த வாடைக்கு மேக்னா முகத்தைச் சுளித்தாள். பசி விடவில்லை, குடித்தாள். நேரம் போனது. உதடு வீங்கவில்லை, தடிப்பு எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள். குழந்தை ஏப்பம் விட்டுக் கை காலை ஆட்டியது.

ஹரிஹரன் மருந்துக் கணக்கு முடிக்கக் கீழே போனான். காயத்ரி பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையைக் கட்டிலில் விடுவதா என்று ஒரு கணம் தயங்கினாள். சரோஜா இன்னும் அந்த மூலையிலேயே நின்றாள்.

"இத கழுவிட்டு வரேன்" என்றாள் காயத்ரி, முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சம் புடிங்க. கழுத்து இன்னும் முழுசா நிக்கல, பாத்து."

சரோஜா இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு கையைக் குழந்தையின் கழுத்துக்கு அடியில் கொடுத்தாள். பிடி சரியாக அமையும் வரை காயத்ரி குழந்தையை விடாமல் சேர்த்துப் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.