செலீனின் ரிப்போர்ட்டும் ரொஷேலின் நேர்ச்சையும்

ரிப்போர்ட் என்றால் ஒன்றில் உண்டு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். செலீனுக்கு வந்தது இரண்டையும் சொல்லாத ரிப்போர்ட். மாதக்கணக்காகக் காத்திருந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி மாறி வெள்ளவத்தை கிளினிக்குக்கு வந்தவளுக்கு, இதைக் கேட்கவா வந்தேன் என்று இருந்தது.

டொக்டர் யதுஷா பொறுமைசாலி. பரம்பரை நோய்களைப் பார்க்கிறவர். செலீனுக்கு நாற்பத்தொரு வயதில் மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்தாயிற்று. அவளுடைய அம்மாவும் ஐம்பதைக் காணாமல் அதே நோயில்தான் போனார். குடும்பத்தில் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் செலீனின் இரத்தம் வெளிநாட்டுக்குப் போனது. 

"பி.ஆர்.சி.ஏ. இரண்டு எண்ட மரபணுவில ஒரு எழுத்து மாறியிருக்கு," என்றார் டொக்டர். "அது நோயைக் கொண்டுவாற மாற்றமா, ஆளுக்காள் சும்மா இருக்கிற வித்தியாசமா எண்டு இண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட ஆக்கள் இந்தச் சோதனை எடுத்தது குறைவு. ஒப்பிட்டுப் பாக்கத் தரவு காணாது. மற்ற மரபணுக்களில ஒண்டும் பிடிபடேல்லை."

செலீன் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. தனக்கு வர வேண்டியது வந்துவிட்டது. முகத்துவாரத்தில் இருக்கிற தங்கச்சி ரொஷேலைப் பற்றித்தான் கேட்டாள். அவளுக்கு வயது முப்பத்தேழு, இரண்டு பெண் பிள்ளைகள்.

தங்கச்சி இந்த மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்கத் தேவையே இல்லை என்றார் டொக்டர். இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இல்லாவிட்டாலும் முடியாது. ஆனால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சின்ன வயதில் வந்திருப்பதால், இந்த ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அவள் வருடா வருடம் மார்பைப் படம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். அதை அவர் இரண்டு தரம் சொன்னார். செலீனும் இரண்டு தரம் தலையாட்டினாள்.

தலையாட்டியவள் பஸ்ஸில் ஏறியதும் என்ன செய்தாள்? ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள். கீழே, "ஜீனில் ஒரு மாற்றம் இருக்காம், பயப்பட ஒன்றும் இல்லை" என்று எழுதினாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதினால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்ட முன்னமே ஹியூபேட் மாமா எல்லோரையும் ஜெபிக்கச் சொல்லிவிட்டார். டொக்டர் சொன்ன மிச்சத்தைச் செலீன் வீட்டுக்குப் போய் ஆற அமர எழுதினாள். அதை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

ரொஷேல் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு, இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் இடத்துக்குப் போனாள். அக்காவுக்கு இருப்பது எனக்கும் இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டதைத்தானே பார்ப்பார்கள்? அந்த ஒரே ஒரு எழுத்தை மட்டும் பார்த்தார்கள். அதற்கிடையில் அவள் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு நேர்ச்சை வைத்தாள். அது தன்னிடம் இல்லையென்று வந்தால், பதின்மூன்று செவ்வாய்க்கிழமை ஏழைகளுக்குச் சாப்பிடப் பாண் கொடுப்பதாக.

இல்லையென்று வந்தது.

அழுதழுது ரொஷேல் போனில் கூப்பிட்டபோது செலீனும் அழுதாள். சந்தோஷத்தில்தான், பொய் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு அவளும் டொக்டரை மறந்து போனாள். பிறகு ரொஷேல் இன்னொன்றும் சொன்னாள். மார்பைப் படமெடுக்கும் மெமோகிராமுக்குக் கிடைத்திருந்த திகதியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டாளாம். பாவம், தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றாள்.

செலீன் விளங்கப்படுத்திப் பார்த்தாள். கெஞ்சினாள், ஏசினாள். கடைசியில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நோய்க்குக் காரணம் என்று தெரியாத ஒன்று உங்களிடம் இல்லை, அவ்வளவுதான் இந்த ரிப்போர்ட், இதை நம்பிப் பரிசோதனையை விட வேண்டாம் என்றார். ரொஷேல் மரியாதையாகக் கேட்டாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, டொக்டர் நல்ல மனுஷிதான், எங்கள் வேதக்காரி இல்லாதபடியால் அவவுக்கு நேர்ச்சை விளங்காது என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. சொல்வதும், சொல்லிவிட்டுச் சண்டை பிடிப்பதும், பிறகு ஒருவருடன் ஒருவர் கதைக்காமல் இருப்பதுமாக ஓடியது. ரொஷேலின் புருஷன் மெல்ரோய்க்குத் துறைமுகத்தில் வேலை. அவனிடம் சொல்லிப் பார்த்தால், நிம்மதியாக நித்திரை கொள்கிறவளை ஏன் எழுப்புகிறீர்கள் என்றான்.

ஒரு திங்கட்கிழமை டொக்டர் யதுஷா போனில் கூப்பிட்டார். ஆய்வுகூடம் அந்த மாற்றத்தை மறுபடி பார்த்திருக்கிறது. இப்போது இன்னும் பலரில் கண்டிருக்கிறார்கள், அதிலும் கூடுதலாக நோயே இல்லாதவர்களில். ஆகவே பெரும்பாலும் தீங்கில்லாதது என்று வகை மாற்றிவிட்டார்கள். இப்படிப்பட்டவற்றில் அதிகமானவை இப்படித்தான் முடிகின்றன என்றார்.

"அப்ப எங்களுக்கு ஏன் வந்தது, டொக்டர்?"

"தெரியாது. சோதனையில பிடிபடாத வேறொண்டு இருக்கலாம். தங்கச்சி படம் எடுக்கத்தான் வேணும், செலீன். அது மாறேல்லை."

செலீன் இந்தத் தரம் ஒருவருக்கும் எழுதவில்லை. பட்டது போதும். அடுத்த நாள் செவ்வாய். அவள் நேரே கொச்சிக்கடைக்குப் போனாள். நேர்ச்சை எப்போதோ முடிந்திருந்தும் ரொஷேல் பாண் கொடுப்பதை நிற்பாட்டவில்லை. கோயில் மதிலோரம் ஏழைகள் வரிசையாக இருந்தார்கள். இரண்டு பெரிய பைகளோடு நின்ற தங்கச்சியைத் தள்ளிக் கூட்டிப்போய் செலீன் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மாற்றம் ஒன்றுமே இல்லையாம், அது உன்னிடம் இல்லாததும் ஒன்றுமே இல்லை என்றாள்.

ரொஷேலின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் செலீனுக்கு விளங்கிவிட்டது. சொன்னது பிழையாகப் போயிற்று.

"உங்கடயும் போயிட்டுதா அக்கா?" ரொஷேல் அவளைக் கட்டிப்பிடித்தாள். "உங்களுக்கும் சேர்த்துத்தான் ஒவ்வொரு செவ்வாயும் கேட்டனான். உங்களிட்டச் சொல்லேல்லை."

"அது காரணமில்லையெண்டா காரணம் வேற எங்கயோ இருக்கு, ரொஷேல். உன்னட்டயும் இருக்கலாம். ஒருக்கா வந்து படம் எடு. எனக்காக."

ரொஷேல் அக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் செலீன் எதையாவது சொல்லி உடைத்திருப்பாள்.

"அந்தோனியார் செய்து தந்ததை நான் மெஷினில போய்ச் சரிதானா எண்டு பாக்கவா, அக்கா?"

பிறகு ஒரு பையைச் செலீனின் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்து வரிசையை அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். செலீன் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? காட்ட இனி ரிப்போர்ட் இல்லை, டொக்டர் சொல்லவும் மிச்சமில்லை. நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாகப் பாணை வைத்தாள். ஒரு கிழவி அவளை ஆசீர்வதித்தாள்.

பை வெறுமையானதும் கோயிலுக்குள் போய், சனத்தோடு சனமாக முழந்தாளிட்டாள். பக்கத்தில் ரொஷேல் கண்ணை மூடி நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அல்லவா அவர்? செலீன் தன் வாழ்நாளில் கேட்காத ஒன்றை, உதடு அசையாமல் கேட்டாள்.

அந்தோனியாரே, என் தங்கச்சி தொலைத்த பயத்தைத் தேடி அவளிடமே திருப்பிக் கொடும்.