பதினான்காம் ஷரத்து

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஷரத்து சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், வாரண்டி கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் கிடையாது என்று கடிதம் எழுதுவது அவர் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறார். அந்த வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் இருபத்திரண்டு ஷரத்துகளில் ஒன்பது அவரே எழுதியவை. பொடி எழுத்தை ரசித்துப் படிக்கிற மனிதர் உலகத்தில் ஒருவராவது இருக்க வேண்டும் அல்லவா, அது இவர்தான்.

அவருடைய மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அடுப்பறைதான் அவளுக்குத் தொழிற்சாலை. பழைய ஃப்ரிட்ஜ் ஒரு திங்கட்கிழமை உறுமிவிட்டு அடங்கியபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கல்யாண மண்டபத்துக்கு மூன்றடுக்கு க்ரீம் கேக் போக வேண்டும். அது நன்றாக அமைந்தால் இனி மண்டபத்து ஆர்டர் எல்லாம் உங்களுக்குத்தான் என்று மானேஜர் வாயால் சொல்லியிருந்தார். ஐந்து வருடமாக அவள் காத்திருந்த வாக்கு அது.

"இன்னைக்கே கடைக்குப் போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

"கடைக்காரன் வாயால சொல்றதுக்கு என்ன ஆதாரம் இருக்கு? ஆன்லைன்ல எல்லாமே எழுத்துல இருக்கும்" என்றார் அவர்.

அன்று மாலை முழுவதும் மூன்று நட்சத்திரத்தையும் ஐந்து நட்சத்திரத்தையும் ஒப்பிட்டுத் தள்ளினார். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருட யூனிட் கணக்கைப் பார்த்து, ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் கரண்ட் பில்லில் ஆறு வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று கண்டுபிடித்தார். முந்நூற்று நாற்பது லிட்டர், இரட்டைக் கதவு, அவருடைய சொந்தக் கம்பெனி. மனைவியின் கணக்கிலிருந்துதான் ஆர்டர் போட்டார்கள். வாசலின் அகலத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் பெட்டியை மூச்சு முட்ட மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். ஓடிபி எண்ணைக் கேட்டார்கள். பெட்டியின் நாலு பக்கமும் தடவி, நசுங்கல் இல்லை என்று போட்டோ எடுத்த பிறகுதான் அவர் எண்ணைச் சொன்னார். அதற்கப்புறம் பார்த்தால் பெட்டி எண்பத்திரண்டு சென்டிமீட்டர், வாசல் எழுபத்தெட்டு.

"அட்டைய பிரிச்சா உள்ள போயிடும் சார்" என்றான் ஒருவன்.

"பிரிக்கக் கூடாதுப்பா. பெட்டியைக் கம்பெனி ஆள்தான் திறக்கணும். நாம திறந்தா, உள்ள ஒரு கீறல் இருந்தாலும் நாம பண்ணினதுன்னு ஆயிடும்."

"எங்களுக்கு வாசல் வரைக்கும்தான் சார் டெலிவரி" என்று அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஃப்ரிட்ஜ் மாடிப்படி முகப்பில், அவர் வீட்டுக் கதவுக்கு எதிரே நின்றது. இரண்டு நாள் அண்டை வீட்டார் அதை ஒட்டி உரசிப் போய்வந்தார்கள்.

வியாழக்கிழமை இன்ஸ்டாலேஷன் மெக்கானிக் வந்தான். பெட்டியைப் பிரித்தான். கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது. மனைவி அவசரமாகக் கதவை அகலத் திறந்து, "இப்பதான் அட்டை போயிடுச்சே, இப்படியே உள்ள தள்ளிடலாம்" என்றாள். அடுப்பறை அங்கிருந்து பத்தடிகூட இல்லை.

மெக்கானிக் தலையாட்டினான். "எங்களுக்கு நகர்த்த பர்மிஷன் இல்லைங்கம்மா. பொருள் எங்க இருக்கோ, அங்கதான் இன்ஸ்டால் பண்ணணும்."

"அப்ப நாங்க தள்ளிக்கிறோம்."

"தள்ளலாம். ஆனா பிரிச்ச பொருளை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி கஸ்டமர் தொடக் கூடாது. பதிமூணாவது ஷரத்து."

"சரி, இன்ஸ்டால் பண்ணின அப்புறம் தள்ளிக்கிறோம்."

"அப்புறம் இடத்தை மாத்தக் கூடாது. பதினாலு."

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரைப் பார்த்தார். இரண்டு ஷரத்தையும் எழுதியவர் அவர். பெட்டியைப் பிரிப்பதற்கும் பிளக்கைச் செருகுவதற்கும் நடுவே ஒரு நொடிகூட ஃப்ரிட்ஜை நகர்த்த இடமில்லாமல் அவ்வளவு இறுக்கமாக எழுதியிருந்தார். அந்த வருடம் அதற்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். வெட்கத்திலும் ஒரு சிட்டிகை பெருமை எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தரை கூட்டும் மெஷினுக்காக முகப்புச் சுவரில் ஒரு பதினாறு ஆம்பியர் பிளக் இருந்தது. மெக்கானிக் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தான், சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் காற்றோட்டத்துக்கு ஒரு சாண் விட்டான், அடியில் இருக்கும் திருகுகாலைத் திருகி ஆட்டம் இல்லாமல் நிறுத்தினான், செருகினான். போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினான். 'பொருத்திய இடம்: மாடிப்படி' என்று பதிவானது. இன்ஸ்டாலேஷன் அமோகம்.

அவர் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டார். இடமாற்றக் கோரிக்கைக்கு ஏழு வேலை நாள் ஆகும் என்றாள் அந்தப் பெண். அதற்குள் நாமே தள்ளினால் என்ன என்று கேட்டதற்கு, அவர் எழுதிய பதிலையே அவருக்குப் படித்துக் காட்டினாள். கமா போடும் இடத்தில் அவருக்கே மூச்சு விடத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. மாடிப்படி பிளக் எட்டு வீட்டுக்கும் பொதுவான மீட்டரில் ஓடுகிறது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடியோடு ஏறி வந்து, கதவில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார்.

"வருஷத்துக்கு இருநூத்தி நாப்பது யூனிட். எட்டு வீடு. ஆளுக்கு முப்பது யூனிட் நாங்க கட்டறோம். சரிதானே?"

"கரண்ட் காசை நானே கட்டிடறேன் சார்."

"பொது மீட்டர்ல தனி ஆள் கட்ட சங்க விதியில இடமில்ல. விதிய மாத்தணும்னா பொதுக்குழுவைக் கூட்டணும். அடுத்தது ஏப்ரல்ல. அது வரைக்கும் செலவு பொதுன்னா பொருளும் பொதுதான். முந்நூத்தி நாப்பதை எட்டால வகுத்தா, வீட்டுக்கு நாப்பத்திரண்டரை லிட்டர்."

விதி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் தலையாட்டிவிட்டார். விதியை மதிக்கிறவரிடம் விதியைக் காட்டினால் அவர் என்ன செய்வார், பாவம். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு தட்டிலும் வீட்டு எண் ஒட்டியாகிவிட்டது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் பல் அடைக்கும் பசைக் குழாய்களைக் கொண்டுவந்து வைத்தார். மேல்வீட்டு டீச்சர் முகத்தில் போட வெள்ளரி நறுக்கி வைத்தாள். செயலாளருக்குக் கண் சொட்டு மருந்து ஒன்றுதான், ஆனால் நாற்பத்திரண்டரை லிட்டரையும் விடமாட்டேன் என்று மீதி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினார்.

சனிக்கிழமை மதியம் கேக் தயாரானது. மூன்று அடுக்கு, வெள்ளை க்ரீம், ஓரத்தில் சர்க்கரையில் செய்த சின்னச் சின்னப் பூக்கள். இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு மனைவி வாசலுக்கு வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். அவள் வீட்டு எண் ஒட்டியிருந்த தட்டில் கீழடுக்கின் பாதிகூட ஏறாது. வெயில் மாடிப்படி ஜன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. க்ரீமின் ஓரம் லேசாகப் பளபளத்தது.

அவள் சத்தம் போடவில்லை. "அஞ்சு வருஷம்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ஃப்ரிட்ஜ் வாரண்டிக்கா, இல்ல எனக்கா?"

சர்க்கரைப் பூ ஒன்று சரிந்து தட்டில் விழுந்தது. கல்யாணத்தன்று அவள் அழுததைப் பார்த்தவர்தான், ஆனால் இப்போது அவள் அழாமல் நிற்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்தார். எட்டு வீட்டுச் சாமானையும் எடுத்து மாடிப்படியில் வரிசையாக வைத்தார், அப்போதும் வீட்டு எண் வரிசைப்படிதான். பிளக்கைப் பிடுங்கினார். ஃப்ரிட்ஜைச் சாய்க்காமல், நிமிர்ந்த வாக்கிலேயே தோள் கொடுத்துத் தள்ளினார். பல் டாக்டர் மறுபக்கம் பிடித்தார். செயலாளர், "இது விதிப்படி சரியில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே மிதியடியை வாரி ஓரம் கட்டினார். நிலைப்படியைத் தாண்டும்போது தடாலென்று ஒரு குதி. அவ்வளவுதான், உள்ளே வந்துவிட்டது. அடுப்பறையில் பிளக்கைச் செருகியதும் மெல்ல முனகியது. குளிர் வந்தது. உள்விளக்கு மட்டும் எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேக் கம்பீரமாக மண்டபத்துக்குப் போனது. மானேஜர் அடுத்த மாதத்துக்கு நான்கு ஆர்டர் கொடுத்தார். கேக்கைச் சமன் செய்தபோது வெட்டிய ஓரத்தை அன்று அவள் அவருக்குக் கொடுத்தாள். அவர் அதை ருசித்ததைவிட அவள் முகத்தைத்தான் ருசித்தார்.

விளக்குக்காக அவள் கம்பெனியில் புகார் பதிவு செய்தாள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, 'பதிவான இடம்: மாடிப்படி, பொருள் இருக்கும் இடம்: அடுப்பறை' என்று உண்மையை எழுதினான். வியாழக்கிழமை அந்த ஃபைல் யார் மேஜைக்கு வரும்? அவர் மேஜைக்குத்தான் வந்தது. சொந்த வீடு என்பதற்காக வளைத்துக்கொடுத்தால் பதினோரு வருடமும் பொய்யாகிவிடும் என்று நினைத்தார். எழுதினார், வழக்கமான கடிதம். பதினான்காம் ஷரத்தை மீறியதால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். கீழே கையெழுத்து.

கடிதம் வீட்டுக்கு வந்த அன்றே மனைவி அதை ஒரு காந்த வில்லையால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். "கையெழுத்து அழகா இருக்கு" என்றாள், அவ்வளவுதான். இப்போது தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் அதைப் படிக்க வேண்டியிருந்தது. பெறுகிறவராக நின்று அந்தக் கடிதத்தை அவர் படிப்பது இதுதான் முதல் தடவை. 'வருந்துகிறோம்' என்ற சொல்லில் வருத்தத்தின் வாசனைகூட இல்லை என்பது மூன்றாவது நாள் உறைத்தது. இருட்டுத் தட்டில் கைவிட்டுத் துழாவியபோது, நான்கு வருடத்துக்கு முன் அவர் கோரிக்கையைத் தள்ளுபடி செய்த ஒரு அம்மாளின் ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜை வராந்தாவிலிருந்து அடுப்பறைக்கு ஒரு மீட்டர் நகர்த்தியவள். கம்ப்ரஸர் போய்விட்டது என்று மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் பதினாலுதான் பதில்.

மறுநாள் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, அந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"அம்மா, கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்க ஃப்ரிட்ஜ் இப்ப எப்படி இருக்கு?"

"ஃப்ரிட்ஜா? நல்லா இருக்கு தம்பி. அதுலதான் துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கேன். பூச்சி வர்றதில்ல. அஞ்சு ஸ்டார்னு சொல்லிக் குடுத்தீங்க, நெசந்தான். கரண்ட்டே செலவாகல."

"தப்பு எங்க பேர்லதான்மா. நாளைக்கே ஆள் அனுப்பறேன். கம்ப்ரஸரை மாத்திக் குடுத்துடுவான்."

"வேணாம் தம்பி" என்றாள் அந்த அம்மாள். "துணியை எல்லாம் நான் எங்க கொண்டு வைக்க?"