ஐந்தில் இரண்டு

கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் ஆசிரியர் அறையில், ஐறீன் டீச்சர் தரம் ஏழு பிள்ளைகளின் வெளியேறும் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து வகுப்பை விட்டுப் போகுமுன் எல்லோரும் அந்தத் துண்டில் விடை எழுதிக் கொடுத்த ஒரே கேள்வி: அரையோடு மூன்றிலொன்றைக் கூட்டினால் எவ்வளவு? முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலேயும் கீழேயும் அப்படியே கூட்டிவிட்டார்கள். அரையோடு இன்னொரு பங்கைச் சேர்த்தும் விடை அரையை விடக் குறைந்திருந்தது.

பாடத்தின் நடுவில் "விளங்கினதா?" என்று கேட்டபோது, "ஓம் டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தியவர்களும் இவர்கள்தான். அந்தச் சத்தத்தை நம்பிய தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பகுதித் தலைவர் ஷெல்டன் சேர் எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் கல்வித் திணைக்களத்தால மேற்பார்வைக்கு வாறாங்கள். சரியான ஒன்பதையும் ஃபைல்ல போடுங்கோ, மிச்சத்தைக் குப்பையில போடுங்கோ. அடுத்த பாடம் கழித்தலுக்குப் போங்கோ."

"அப்ப இருபத்திரண்டு பேருக்கு, சேர்?"

"ஃபைலைத்தான் பாக்கிறாங்கள், மிஸ். பிள்ளையளை இல்லை."

அவர் போனதும் அவள் பாடக்குறிப்பேட்டைத் திறந்தாள். நாளைய திட்டத்தில் கழித்தலை வெட்டினாள். முதல் பத்து நிமிடம், கடதாசிக் கீற்றுகளை மடித்துச் சமதுண்டுகளாக்குவது என்று எழுதினாள். அதற்கு அடுத்து: "கணக்குச் செய்யுமுன், விடை அரையை விடப் பெரிதா, சிறிதா? எல்லாரும் எழுதித் தூக்கிக் காட்டவும். பாதிப் பேருக்கு மேல் பிழையாகக் காட்டினால் திரும்ப மடிக்கவும்."

பிறகு அந்த இருபத்திரண்டு சீட்டுகளையும் ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தினாள்.