கேரியர் வைத்த புரிதல்

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த மொழிப்பாட ஆசிரியைக்கு, ஒரே தாளைத்தான் திரும்பத் திரும்பத் திருத்துகிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கேள்வி இதுதான்: பொதுத்தேர்வு எழுதப்போகும் தம்பிக்கு, மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்கும்படி கடிதம் எழுதுக. வகுப்பு மொத்தமும் ஒரே கடிதத்தை எழுதியிருந்தது. ‘மனப்பாடம் மூளைக்குப் பூட்டு, புரிதலே அதன் திறவுகோல்’ என்ற வரி எல்லாத் தாளிலும் புள்ளி பிசகாமல் இருந்தது. இருக்காதா பின்னே? “இதை அப்படியே நெட்டுரு போட்டுடுங்க, வந்தாலும் வரும்” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதே அவர்தான்.

கடைசித் தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அது ரேடியோவுடையது. முடுக்கிவிட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்த பெயர் அது. ஆசிரியை கரும்பலகையில் அந்தக் கடிதத்தை எழுதிப்போட்ட அன்று அவள் காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் தொலைந்த புகார்க் கடிதம் ஒன்றுதான்.

‘மதிப்பிற்குரிய காவல் ஆய்வாளர் அவர்களுக்கு, நேற்று மாலை கடைத்தெருவில் நிறுத்தியிருந்த என் தம்பியின் புரிதல் காணாமல் போய்விட்டது. அது கறுப்பு நிறம். பின்னால் கேரியர் உண்டு. மணி சரியாக அடிக்காது. கண்டுபிடித்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’

ஆசிரியை சிரித்த சிரிப்பில் சிவப்பு மை ஜாக்கெட்டில் கோடு போட்டது. எதிர் மேசைக் கணக்கு வாத்தியார் வாங்கிப் படித்துவிட்டு, “முட்டை போடுங்க டீச்சர்” என்றார்.

“மத்தவங்களுக்கெல்லாம் எட்டு போட்டுட்டேனே சார். அவங்களும் புரிஞ்சா எழுதினாங்க? அவங்க நெட்டுரு போட்டது பொருத்தமா அமைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.”

ரேடியோவைக் கூப்பிட்டனுப்பினார். “சரிம்மா, இப்ப உன் குடை தொலைஞ்சுபோச்சு. புகார் சொல்லு.”

ரேடியோ கண்ணை மூடினாள். “கடைத்தெருவில் நிறுத்தியிருந்த என் குடை காணாமல் போய்விட்டது. அது கறுப்பு நிறம். பின்னால் கேரியர்...” ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “டீச்சர், குடைக்குக் கேரியர் உண்டா?”

“என்னையா கேக்கற?”

மறுநாள் முதல் படிப்பு விடுமுறை. வகுப்பில் உட்காரவைத்துச் சொல்ல நேரமில்லை. எழுதியே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியை பேனாவைத் திறந்தார். ‘மனப்பாடம் மூளைக்குப் பூட்டு’ என்று கை தானாக எழுதியது. திடுக்கிட்டுக் கிழித்துப் போட்டார். அடுத்த தாளிலும் அதே பூட்டு. தனக்கும் அந்த ஒரு கடிதம்தான் தெரியுமோ என்று வெட்கமாகிவிட்டது. மூன்றாவது தாளில், எதிரே அவள் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதினார்.

‘ரேடியோ, உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். காணாமல் போனதன் நிறத்தை ஏன் எழுதுகிறோம்? தேடுகிறவருக்கு அடையாளம் தெரிய வேண்டும். மணியும் கேரியரும் அதற்குத்தான். அந்தக் காரணம் பிடிபட்டால், குடை தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் கடிதம் தானாக வரும். மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செய்யுளும் சூத்திரமும் மனதில் இல்லாவிட்டால் எதை வைத்து யோசிப்பாய்? ஆனால் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, உன் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார். பிறகு கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார். எங்கே தடுக்குகிறதோ அங்கே ‘ஏன்’ என்று கேள். உனக்குத் தெரியாவிட்டால் எங்களைக் கேள். கூச்சப்படாதே.’

அந்தக் கடைசி வரிதான் வினையாகிப் போனது. விடுமுறையிலும் ரேடியோ தினம் பள்ளிக்கூடம் வந்தாள். நாலாம் நாள் கணக்கு வாத்தியார் வியர்க்க விறுவிறுக்க ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

“டீச்சர், அந்தப் பொண்ணுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க? மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ்னு கேக்கறா. அது அப்படித்தான்னேன். ‘அப்படித்தான்னா ஏன் அப்படி சார்’ங்கறா!”

“ஏன் சார் அப்படி?”

வாத்தியார் முறைத்தார். பிறகு ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். “இருங்க. எதைப் பூஜ்யத்தால பெருக்கினாலும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தையே ஒண்ணும் மைனஸ் ஒண்ணுமா பிரிச்சு, ரெண்டையும் மைனஸ் ஒண்ணால பெருக்கறேன். முதல் பாதி மைனஸ் ஒண்ணு. மறுபாதி மைனஸை மைனஸால பெருக்கறது. மொத்தம் பூஜ்யம் ஆகணும்னா அது...” பேனா நின்றது. “பிளஸ் ஒண்ணாத்தானே இருந்தாகணும்! இத்தனை வருஷமா இதை யோசிக்காமலேயே நடத்தியிருக்கேனே!” என்று கத்தியவர், “ரேடியோ, நில்லு, போயிடாதே!” என்று வராந்தாவில் ஓடினார். ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது.

பொதுத்தேர்வில் யாரும் நெட்டுரு போடாத கேள்வி வந்தது: உடைந்த தெருக்குழாயைச் சரிசெய்யக் கோரிக் கடிதம். பாதி வகுப்பு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தது. ரேடியோ மட்டும் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“எந்தத் தெரு, எந்த வீட்டு வாசல், தண்ணி எந்தப் பக்கம் பீச்சுதுன்னு எல்லாம் எழுதிட்டேன் டீச்சர். ரிப்பேர் பண்ண வர்றவர் ஊர் முழுக்க அலையக் கூடாதுல்ல?”

ஆசிரியை அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார், “நாளைக்கு என் பரீட்சை. எல்லாம் புரிஞ்சுதா?” என்று கேட்டுவைத்தார்.

“புரிஞ்சுது சார். ஒரே ஒரு சந்தேகம்...”

அதற்குள் வாத்தியார் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டார்.