இலையின் அடிப்பக்கம்

நர்சரிக்காரி எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ரகம் இல்லை. வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தங்கைக்கு வரன் வந்தபோது பையன் வேலை பார்த்த இடத்துக்கே போய், செடி வாங்குகிற சாக்கில் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வந்தாள். அப்போது குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அந்தத் தங்கை வீட்டுக்காரர்தான் இப்போது அவளுடைய பசுமைக்குடிலில் வேலை செய்கிறார். முன்பிருந்த நர்சரியில் செடிகளுக்கு, இலையடியில் துருப்போலப் பொடி படிந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் துரு நோய் விழுந்து, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் மாப்பிள்ளையும் ஒருவர். "அவர்மேல தப்பு இல்லக்கா, நீ கொஞ்சம் பார்த்துக்கோ" என்று தங்கை கேட்டாள். அம்மா அப்பா போன பிறகு இவளுக்கு உறவு என்று சொல்ல அந்த ஒருத்திதான். மறுக்க முடியுமா?

மாப்பிள்ளை பேச்சில் சிக்கனம். வேலையில் சுத்தம். தண்ணீர்க் குழாயை வட்டமாகச் சுற்றி, வாய் மேலே நிற்கும்படி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். குறை சொல்ல இடம் கொடுக்காத ஆளைக் கண்டால் நர்சரிக்காரிக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

குளிர் காலம் தொடங்கிய வாரத்தில் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. வானம் மூடியே கிடந்தது. மாப்பிள்ளை காலையில் தொங்கு தொட்டிகளின் வரிசையில் போகிறார், ஒவ்வொன்றையும் கையால் தூக்குகிறார், விடுகிறார், அடுத்ததுக்குப் போகிறார். குழாயைத் தொடவே இல்லை.

"தண்ணி ஊத்தலையா மாப்பிள்ளை?"

"கனமா இருக்குக்கா. இன்னிக்கு வேண்டாம்."

"சரி சரி" என்றாள். மனதுக்குள் சரி சொல்லவில்லை. வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவன் சொல்ல ஒரு காரணம் வேண்டும், இவருக்குக் கனம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தங்கையின் கணவர் என்பதால் நேரே கேட்கவும் வாய் வரவில்லை. ஆகவே அவர் போனபிறகு, சாயங்காலம், தானே குழாயை எடுத்து எல்லாத் தொட்டிக்கும் அடி வழிய வழியத் தண்ணீர் விட்டாள். குளிர் ஏறாமல் இருக்கப் பக்கத் திரைகளையும் கீழே வரைக்கும் இறக்கிக் கட்டினாள். செடியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு கை கழுவினாள். அதற்கப்புறம் இதுவே தினசரி வழக்கமாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் தொங்கு தொட்டிகளில் பூக்கிற கொடி ஜெரேனியத்தின் இலை ஒன்றை வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள். மேலே பார்க்கப் பளபளவென்று இருந்த இலையின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சில நீர் கோத்துப் பச்சையாக இருந்தன. சில பழுப்பேறி, தக்கை மாதிரி சொரசொரவென்று காய்ந்திருந்தன. இன்னொரு இலையிலும் அதே. அடுத்த தொட்டியிலும் அதே.

துரு! அங்கே விழுந்த துரு இங்கே வந்துவிட்டது. யார் கொண்டு வந்திருப்பார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய நர்சரியிலிருந்து மாப்பிள்ளை செடி வெட்டும் தன் கத்தரியையும் கையோடு கொண்டு வந்திருந்தாரே!

மறுநாள் அந்தக் கத்தரியை எடுத்து மறைத்துவைத்தாள். "எங்கேயோ வெச்சிட்டேன் போல" என்று மாப்பிள்ளை தேடினார். அவளும் கூடச் சேர்ந்து தேடுவதுபோல ஒரு வாளியைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் வந்த இலைகளை எல்லாம் தன் கையாலேயே கிள்ளிக் கிள்ளிக் குப்பையில் போட்டாள். கொடிகள் மொட்டையாக நின்றன. மிச்சமிருந்த இலைகளில் கொப்புளம் இன்னும் தடித்து வந்தது.

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். நல்ல தொட்டிகளாகப் பொறுக்கி, தாய்ச்செடிகள் வைக்கும் சின்னக் கண்ணாடி அறைக்கு மாற்றினாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாப்பிள்ளையின் நிழல்கூட அங்கே விழவில்லை. அவளே தண்ணீர் விட்டாள், அவளே கதவைச் சாத்தினாள், குளிர் புகாமல் இடுக்கில் சாக்குத் துணியை அடைத்தாள்.

அந்த அறையில்தான் கொப்புளம் எல்லாவற்றையும்விட மோசமாக வந்தது.

வேறு யாராவது இருந்தால் அப்போதாவது யோசித்திருப்பார்கள். நர்சரிக்காரி பூட்டை இழுத்துப் பார்த்தாள். கள்ளச் சாவி போட்டிருப்பாரோ என்று நினைத்தாள். நினைத்ததும் அது உறுதியாகிவிட்டது. தன்னைக் கெடுத்து, நர்சரியை மூடவைத்து, பழைய முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார். இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு ஏன் இத்தனை அமைதி?

அன்று காலையிலும் மாப்பிள்ளை தொட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். குழாய் ஆணியில் தொங்கியது.

"செடி கனமா இருக்கா லேசா இருக்கான்னு எடை போடவா உங்களை வெச்சிருக்கேன்?" என்று வெடித்தாள்.

மாப்பிள்ளை திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சொல்லாமல் விழுங்கிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் முடிவு கட்டினாள்.

"நாளையிலிருந்து வர வேண்டாம் மாப்பிள்ளை. என்னால இதுக்கு மேல முடியல."

"சரிக்கா" என்றார் அவர். கத்தரியைக் கேட்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கை போனில் வந்தாள். "அவர் என்ன பண்ணினார்னு சொல்லு. கேட்டா வாயையே திறக்க மாட்டேங்கிறார்."

"செடிக்கு நோய் கொண்டு வந்துட்டார்."

"நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா என்ன?"

"எனக்கு இனிமே அக்கா இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள். நர்சரிக்காரி போனைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தன் பக்கம் நியாயம் இருப்பதை ஊருக்கே நிரூபிக்க வேண்டும் என்று, தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து செடி டாக்டரம்மாவை வரவழைத்தாள்.

டாக்டரம்மா இலையைத் திருப்பினார். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கொப்புளங்களின்மேல் அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"துருவா இருந்தா பொடி ஒட்டணும். இதுல ஒண்ணும் ஒட்டல" என்றார். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இலைப்பேனும் இல்ல. இது நோயே இல்லம்மா. ஒட்டாது, பரவாது."

"அப்போ இது என்ன?"

"தண்ணி." டாக்டரம்மா விரலைத் தொட்டி மண்ணில் முழுதாகச் செருகினார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் சேறு. "மண்ணு எப்பவும் ஈரமா இருந்தா வேர் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ராத்திரி குளிரா, காத்து ஆடாம, ஈரமா அடைஞ்சு கிடந்தா இலையால அந்தத் தண்ணிய வெளியே விட முடியாது. உள்ளே வீங்கி, அந்த இடம் வெடிச்சு, காஞ்சு தக்கையாப் போகும். கொடி ஜெரேனியத்துக்கு இது சீக்கிரம் வரும்."

"நான் இலையைக் கிள்ளிக்கூடப் போட்டேனே."

"ஐயோ, அது இன்னும் மோசம். தண்ணி வெளியேற இருந்த வழியையும் அடைச்சிட்டீங்க. வந்த கொப்புளம் போகாது, ஆனா இனி வர்ற இலை சுத்தமா வரும். காலையில மட்டும், அதுவும் மண்ணு காஞ்சு தொட்டி லேசா இருந்தா மட்டும் ஊத்துங்க. திரையைத் திறந்து விடுங்க." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, இங்க சாயங்காலம் தண்ணி விடுறது யாரு?"

நர்சரிக்காரி ஆணியில் தொங்கிய குழாயைப் பார்த்தாள். காலையில் மாப்பிள்ளை தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறார், கனமாக இருக்கிறது, ஊற்றாமல் விடுகிறார். ஊற்றவில்லையே என்று சாயங்காலம் இவள் ஊற்றுகிறாள். ஊற்றியதால் மறுநாள் காலை கனமாக இருக்கிறது. அவர்மேல் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அத்தனை கொப்புளத்தையும் அவளே வளர்த்திருக்கிறாள். வெட்கத்தில் காது மடல் சூடாகியது.

கத்தரியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த தங்கை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னத் தொட்டியில் கொடி ஜெரேனியம் தொங்கியது. அவளுடைய நர்சரியில் வெட்டிப்போட்ட துண்டைக் கொண்டுவந்து மாப்பிள்ளை வேர்பிடிக்க வைத்தது. நர்சரிக்காரியின் கை அவளைக் கேட்காமலே நீண்டு ஓர் இலையைத் திருப்பியது. அடிப்பக்கம் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது.

"இங்கயும் சோதனையா?" என்றாள் தங்கை.

நர்சரிக்காரி இலையை விட்டாள். "நான்தான்டி" என்றாள். "சாயங்காலம் சாயங்காலம் நான்தான் தண்ணி ஊத்தினேன். அவர் ஊத்தலைன்னு நெனச்சேன். அவர்மேல ஒரு தப்பும் இல்ல."

உள்ளேயிருந்து மாப்பிள்ளை வந்தார். "தெரியும்க்கா" என்றார்.

"தெரியுமா?"

"குழாய் வாய் மேல நிக்கிற மாதிரி மாட்டிட்டுப் போவேன். காலையில கீழே பார்த்துத் தொங்கும். குடிலோட சாவி இருக்கிறது உங்க ஒருத்தர்கிட்டதான்."

"அப்போ ஏன் சொல்லல?"

அவர் தங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "என்னை அனுப்ப ஒரு காரணம் வேணும்னு நீங்களே செடியக் கெடுக்கிறீங்கன்னு நெனச்சேன். அதை இவகிட்ட எப்படிச் சொல்றது? இவளுக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தானே."

தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்சரிக்காரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. உறவு முறியக் கூடாதென்று அந்த மனிதர் வேலையையும் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அவளோ கள்ளச் சாவி வரைக்கும் போய்விட்டாள். கத்தரியை நீட்டினாள். "இதையும் நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. நாளைக்கு வருவீங்களா?"

அவர் கத்தரியை வாங்கி, திறந்து மூடிப் பார்த்தார். தங்கை ஒரு நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"வர்றேன்க்கா" என்றார் அவர். "ஆனா, காலையில வந்ததும் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பேன்."