நின்றுகொண்டிருந்தவர்கள்

தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, ஊர்த் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை வேலை கைவந்த கலை என்றுதான் எண்ணியிருந்தேன். பதுளையில் ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாள் மதிப்பீட்டில் தேறினால்தான் நியமனம்.

நான்காம் நாள் ஒரு நடிப்புப் பயிற்சி. நான் மத்தியஸ்தர். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஷுக்ரியும் தவமணி டீச்சரும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டையிடும் அயலவர்கள். தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் பேசவிட்டு, அவர்கள் வாயாலேயே இணக்கத்தை வரவழைத்தேன். பாராட்டை எதிர்பார்த்துப் பயிற்றுநரைப் பார்த்தேன்.

"நல்லா செஞ்சீங்க. ஆனா ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாற்காலி பக்கத்துலதானே கெடந்துச்சு? ஏன் டீச்சர், நீங்க உக்காந்திருக்கலாமே?"

"நீங்க உக்காரச் சொல்லலையே ஐயா." தவமணி டீச்சரின் குரலில் கோபமே இல்லை. "ஒங்க தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால எங்கப்பா இருவது வருஷம் நின்னாரு. லயத்து ஆளா நடிக்கச் சொன்னாங்க. எனக்கு அவரு நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு."

அவர் அப்பா யாரென்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற எந்த முகமும் நினைவில் இல்லை.

"திரும்பச் செய்வோம்" என்றார் பயிற்றுநர்.

எழுந்து இருவருக்கும் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். ஷுக்ரியும் டீச்சரும் உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.