நூற்றுக்கு நாலு

கூட்டத்தை அட்டைப்பெட்டி கம்பெனியின் சாப்பாட்டு அறையிலேயே வைத்தார்கள். கட்டடத்தை வாங்கியவன் அந்த ஒரு பகலுக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருந்தான். வரும் வழியில் பேக்கிங் செக்‌ஷனை எட்டிப் பார்த்தாள் பெரியக்கா. மெஷின்கள் போய்விட்டன. அவை நின்ற இடத்தில் போல்ட் ஓட்டைகளும் எண்ணெய்க் கறையும் கிடந்தன. அங்கே இருபது பேரை மேய்த்தவள் அவள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் பெரியக்காதான்.

கம்பெனியைக் கலைத்து, விற்று, கடன்காரர்களுக்குப் பங்கு வைக்கக் கோர்ட் நியமித்த லிக்விடேட்டர் சுவரோரம் பலகையோடு நின்றார். ஒல்லியான ஆள், தொண்டை கட்டியிருந்தது.

“கட்டடமும் மெஷினும் வித்து மூணு கோடி வந்துச்சு. ரெண்டும் பாங்குல அடமானம். பாங்குக்கு வரவேண்டியது மூணு கோடி நாப்பத்தி நாலு லட்சம். அதனால அந்த மூணு கோடி முழுக்க அவங்களுக்கு. மிச்ச நாப்பத்தி நாலுக்கு அவங்களும் கடைசி வரிசையில வந்து நிக்கணும்.”

“பாங்கே வரிசையில நிக்குதா! அப்ப நமக்கு நிக்க எடம் இருக்குமா?” என்றார் காகித வியாபாரி. அவருக்கும் அவரைப் போன்ற சப்ளையர்களுக்கும் தொண்ணூறு லட்சம் பாக்கி.

“சரக்கு, வேன், வசூலான பாக்கி, இதெல்லாம் அடமானத்துல இல்ல. அதுல அறுபது லட்சம் வந்துச்சு. முதல்ல கலைக்கிற செலவு பன்னெண்டு.”

“அது உங்க சம்பளமும் சேர்த்துதானே சார்?” என்றார் வியாபாரி.

“சேர்த்துதான்.” அவர் கண்ணை இமைக்கவில்லை. “மிச்சம் நாப்பத்தெட்டு. அடுத்தது தொழிலாளி சம்பளம். கம்பெனியக் கலைக்கச் சொன்ன கோர்ட் உத்தரவுக்கு முந்தின நாலு மாசப் பாக்கிக்கு முன்னுரிமை. அது நாப்பது லட்சம், முழுசாக் கிடைக்கும். அப்புறம் வரி ரெண்டு. மிஞ்சறது ஆறு.”

பலகையில் ஆறு என்று எழுதி வட்டம் போட்டார்.

“கடைசி வரிசை. பாங்கோட மிச்சம் நாப்பத்தி நாலு, சப்ளையர் தொண்ணூறு, கம்பெனிக்குக் கடன் குடுத்த பேக்கிங் ஆளுங்க பதினாறு. மொத்தம் நூத்தி அம்பது. ஆறை இதுக்குப் பிரிச்சா நூத்துக்கு நாலு. பங்குதாரர், அதாவது உங்க முதலாளி, அவருக்குச் சைபர்.”

பெரியக்காவுக்கு நாலு மாதத்துக்கு எண்பதாயிரம் வரவேண்டும். நூற்றுக்கு நாலு என்றால் மூவாயிரத்து இருநூறு. வாடகைப் பாக்கி மட்டும் அறுபதாயிரம். மாதம் முடியும்வரை தவணை சொல்லியிருந்த வீட்டுக்காரம்மா, நேற்றே யாரோ ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து அடுப்படியைத் திறந்து காட்டினாள். முதுகு போய்ப் படுத்திருந்த புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சம்பளம் நின்ற மாதம் முதலாளி பேக்கிங் செக்‌ஷனை மட்டும் கூப்பிட்டார். மாதாமாதம் சம்பளத்தைக் கடனாக எழுதிக் கொடுத்தால் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றார். சும்மா கிடக்கிற பாக்கி குட்டி போடட்டுமே என்று முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மற்றவர்களையும் போடவைத்தாள். இருபத்தொரு பேரில் மாட்டேன் என்றவன் ஒருவன், பெட்டிகளுக்குப் பட்டை கட்டும் ஸ்ட்ராப் மெஷின் ஓட்டிய அவள் சொந்தத் தம்பி. “பயந்தாங்கொள்ளி” என்று எல்லார் எதிரிலும் ஏசினாள். அவனுக்கும் அதே எண்பதாயிரம் பாக்கி. அவனுடையது சம்பளமாகவே நின்றது.

“இது சம்பளந்தான் சார்! ராத்திரி பகலா நின்னு வாங்க வேண்டிய சம்பளம்!” என்றாள் பெரியக்கா.

“எழுதிக் குடுத்ததும் அது கடனாயிடுச்சும்மா. மிரட்டி வாங்கினாங்கன்னா சொல்லுங்க, சாட்சியோட வாங்க. டீ குடிச்சிட்டு உங்களதைக் கேக்கறேன். நீங்க சொல்றதை வெச்சுத்தான் மத்தவங்களுக்கும்.”

வெளியே எடைமேடை மேல் தம்பியைப் பிடித்தாள்.

“கையெழுத்துப் போடலன்னா வேலை இல்லன்னு மிரட்டினார்னு சொல்லுடா.”

“யாரும் மிரட்டலையேக்கா. மிரட்டினது நீதான்.”

“சரிடா, நாந்தான் பாவி. இப்பச் சொல்லு.”

அவன் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விரலால் உள்ளங்கையில் கணக்குப் போட்டான். “உங்க பதினாறும் சம்பளமாச்சுன்னா சம்பளப் பாக்கி அம்பத்தாறு. இருக்கறது நாப்பத்தெட்டு. எல்லாருக்கும் நூத்துக்கு எண்பத்தஞ்சு சொச்சந்தான் வரும். எனக்குப் பதினோராயிரம் போகும். எம் பொண்டாட்டிக்கு நான் என்ன சொல்ல?”

“தெருவுல நிக்கப்போறேண்டா.”

அவன் குனிந்து தம்ளரை எடுத்தான். பிறகு தம்ளரிலிருந்த டீயைக் கீழே ஊற்றினான். “வா. நான் பேசறேன். நீ வாயத் தெறக்காத.”

உள்ளே அவன் நன்றாகவே பொய் சொன்னான். கையெழுத்துப் போடாதவன் நாளைமுதல் வரவேண்டாம் என்று முதலாளி சொன்னதாகச் சொன்னான். ஸ்ட்ராப் மெஷினுக்கு வேறு ஆள் இல்லாததால் தன்னை மட்டும் விட்டுவைத்தார் என்றான். லிக்விடேட்டர் எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற பத்தொன்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

“நம்பறதுக்கு எடம் இருக்கு,” என்றார். “காகிதத்துல வட்டின்னு எழுதியிருக்கு, ஆனா வட்டி குடுத்ததா கம்பெனிக் கணக்குல ஒரு வரி இல்ல. சம்பளத்தைத் தள்ளிப்போட ஏதோ எழுதி வாங்கியிருக்காங்கன்னு படுது.”

பெரியக்கா ஓரடி முன்னால் வந்தாள். ஏதோ எழுதி வாங்கினார்களா? பொய்க் காகிதம் என்று சொல்லி மொத்தப் பாக்கியையுமே தள்ளப்பார்க்கிறார் என்றே அவளுக்குப் பட்டது.

“ஏதோ இல்ல சார், நெஜமான காகிதம்! ரெண்டு மாசம் வட்டி கையிலேயே குடுத்தாரு. முதல் மாசம் நானூறு, அடுத்த மாசம் எண்ணூறு. இவங்க எல்லாருந்தான் வாங்கினாங்க. கேட்டுப் பாருங்க!”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

லிக்விடேட்டர் பேனாவை நிறுத்தினார். “வட்டி வாங்கினீங்க?”

“ஆமா சார்.”

“அதுக்கப்புறம் மூணாவது மாசமும் கையெழுத்துப் போட்டீங்க. நாலாவதும்.”

“வட்டி சரியா வருதேன்னு…” பாதியில் அவள் குரல் இறங்கியது. இப்போதுதான் புரிந்தது.

“வட்டி வாங்கினவங்க கடன் குடுத்தவங்கம்மா. மிரட்டலுக்குப் பயந்தவங்க வட்டி வருதான்னு பாத்துட்டுத் திரும்பப் போடமாட்டாங்க.” குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “ஒத்துக்க வேண்டாம்னா கோர்ட்டுக்குப் போகலாம். என் முடிவு, கடைசி வரிசை.”

“நுணலும் தன் வாயால் கெடும்,” என்றார் காகித வியாபாரி, யாரிடமும் இல்லாமல். “வாம்மா, நாலு பைசா கூட்டத்துல சேந்துக்கோ.”

பின்னாலிருந்து ஒருத்தி அழத் தொடங்கினாள். இன்னொருத்தி, “அன்னைக்கும் இவ பேச்சைக் கேட்டுத்தான் போட்டோம், இன்னைக்கும் இவளே பேசிக் கெடுத்தா,” என்றாள். பெரியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பதில் சொல்ல வேண்டும்.

வாசலில் தம்பி அவள் பக்கத்தில் வந்து நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.

“உன் வீட்டு முன்ரூம் காலியாத்தானேடா கெடக்கு?” என்றாள். இதைக் கேட்கும் நிலைமை வராது என்று காலையில்கூட நம்பியிருந்தாள். “அவரால மாடி ஏற முடியாது. நான் எங்கேயாவது பாத்திரம் கழுவியாவது மாசம் ஏதாச்சும் குடுத்துடறேன்.”

அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினான்.

“எம் பொண்டாட்டி தங்கச்சி வர்றதா இருக்குக்கா. பிரசவத்துக்கு.”

“ஓ.”

“கேட்டுப் பாக்கறேன். அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”

“கேளு,” என்றாள். “இன்னைக்கே கேளுடா.”

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, தனக்கு வரவேண்டிய முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட உள்ளே போனான். அவள் எடைமேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனால் புருஷன் முதலில் எவ்வளவு என்றுதான் கேட்பான். அதனால் உட்கார்ந்தே இருந்தாள்.